“இரண்டு வார்த்தை சொல்லுங்கள், பிரதர்!”



சனிக்கிழமை மாலை. மும்பை நகரத்தில் ஒரு சிறிய வீடு. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாய் விரித்திருக்கிறார்கள். முப்பது பேர் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அநேக வருஷங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திற்குத் தங்கள் வீட்டைத் திறந்து கொடுத்த குடும்பம் சொந்த ஊருக்கே திரும்பிச் செல்கிறது. அவர்களை வழியனுப்பும் ஜெபம் இது. ஒரு பாடல் முடிந்து அடுத்த பாடல் தொடங்குமுன் போதகர் உங்களைப் பார்க்கிறார். “பிரதர், நீங்கள் இவர்களை ஆரம்பத்திலிருந்தே அறிந்தவர். இந்தப் பாட்டு முடிந்ததும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.”

அந்த நிமிடம் உங்கள் உள்ளத்தில் நடப்பது என்ன? நெஞ்சு படபடக்கிறது. பாடலின் வார்த்தைகள் காதில் விழவில்லை. சொல்ல ஆயிரம் காரியம் உண்டு. ஆனால் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. நம்மில் சிலர் அந்த வேளையில் கையை அசைத்து, “வேண்டாம் ஐயா, அவரைச் சொல்லச் சொல்லுங்கள்” என்று பக்கத்திலிருப்பவரைக் காட்டிவிடுகிறோம். வேறு சிலர் எழுந்து நிற்கிறோம். பத்து நிமிடம் பேசுகிறோம். உட்கார்ந்தபின், சொல்ல நினைத்ததைச் சொல்லவேயில்லை என்று வருந்துகிறோம். ஊருக்குப் போகும் அந்தக் குடும்பமோ, தாங்கள் செய்த உபகாரத்தை ஒருவர் வாயிலிருந்தும் தெளிவாகக் கேட்காமலே ரயில் ஏறிவிடுகிறது.

மறுத்தவருக்கும் நீட்டியவருக்கும் குறைவுபட்டது வார்த்தை அல்ல. எங்கே தொடங்கி, எதைக் கடந்து, எங்கே நிற்பது என்ற பாதைதான் அவர்களுக்கு இல்லை. அந்தப் பாதையைக் குறித்தே இந்தக் கட்டுரை.

ஆயத்தம் செய்வது அவிசுவாசமா?

முதலில் ஒரு தடையை நீக்கிக்கொள்வோம். “என்ன பேசுவோமென்று கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே; ஆவியானவர் தரும் வார்த்தையைப் பேசுவதுதானே நமது வழக்கம்?” என்று நம் சபைகளில் கேட்பவர்கள் உண்டு. மத்தேயு 10-ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். அந்த வாக்குத்தத்தம், விசுவாசத்தினிமித்தம் பிடிக்கப்பட்டு, ஆலோசனைச் சங்கங்களுக்கும் அதிபதிகளுக்கும் முன்பாக நிறுத்தப்படுகிறவர்களுக்குச் சொல்லப்பட்டது. விலக்கப்படுவது பயமும் கவலையும். வழியனுப்பும் ஜெபத்தில் நன்றி சொல்லும்படி அழைக்கப்பட்டவன் தன் எண்ணங்களை ஒழுங்குபடுத்திக்கொள்வதை அந்த வசனம் எங்கும் தடுக்கவில்லை. பேதுருவோ தன் முதலாம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று கற்பிக்கிறார். அந்த ஆயத்தத்தோடு சாந்தமும் வேண்டும் என்கிறார்.

வீடு கட்டுகிறவன் வாசற்படி எங்கே, ஜன்னல் எங்கே என்று முன்பே குறித்துக்கொள்வதால் அந்த வீட்டில் கர்த்தர் வாசம்பண்ணுவது தடைபடுகிறதில்லை. பேச்சின் சட்டகமும் அப்படியே.

படிக்கட்டில் நின்ற பவுல்

முன்னறிவிப்பின்றிப் பேச நேர்ந்தவர்களில் அப்போஸ்தலனாகிய பவுலைப்போல் இக்கட்டான நிலையில் நின்றவர்கள் சிலரே. அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தின் முடிவைத் திறந்து பாருங்கள். ஜனங்கள் அவரைத் தேவாலயத்திலிருந்து வெளியே இழுத்து அடித்தார்கள். ரோம சேனாபதி வந்து இரண்டு சங்கிலிகளால் கட்டச் சொன்னான். கூட்டத்தின் உக்கிரத்தால் போர்ச்சேவகர் அவரைத் தூக்கிக்கொண்டு படிகளில் ஏற வேண்டியதாயிற்று. அந்தப் படியில் நின்றுகொண்டு அவர் பேச உத்தரவு கேட்டார். கையை அசைத்தார். அமைதி உண்டானபின், கூட்டத்தாரின் சொந்தப் பாஷையில் பேசத் தொடங்கினார்.

அவர் பேசியது 22-ஆம் அதிகாரம் 3 முதல் 21 வரை உள்ள 19 வசனங்கள். அதைக் கவனித்தால் மூன்று அறைகள் தெரிகின்றன. 3 முதல் 5 வரை, தான் முன்பு எப்படிப்பட்டவராயிருந்தார் என்கிறார். 6 முதல் 16 வரை, தமஸ்குவின் வழியில் நடந்ததையும் அதன்பின் அந்தப் பட்டணத்தில் நடந்ததையும் சொல்லுகிறார். 17 முதல் 21 வரை, அதன்பின் தனக்குக் கிடைத்த அழைப்பைச் சொல்லுகிறார். அன்று, அந்தச் சந்திப்பு, அதன்பின்: மூன்றே மூன்று பகுதிகள்.

சில ஆண்டுகள் கழித்து அதே பவுல் செசரியாவில் அகிரிப்பா ராஜாவின் முன்பாக நிற்கிறார். 26-ஆம் அதிகாரத்தில் அதே சாட்சியை மறுபடியும் சொல்லுகிறார். அங்கும் அதே மூன்று அறைகள்: 4 முதல் 11 வரை அன்று, 12 முதல் 18 வரை சந்திப்பு, 19 முதல் 23 வரை அதன்பின். சட்டகம் மாறவில்லை. ஆனால் உள்ளே வைத்த பொருள் மாறியிருக்கிறது. எருசலேமில் யூத ஜனக்கூட்டத்தின் முன்பாக, தான் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்ததைச் சொன்னார். அனனியாவைக் குறித்து, அவன் நியாயப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன், யூதர்களிடத்தில் நல்ல பெயர் பெற்றவன் என்று சொன்னார். அந்த ஜனங்களுக்கு அது முக்கியம். ராஜாவின் முன்பாகப் பேசும்போதோ கமாலியேலும் இல்லை, அனனியாவும் இல்லை. ராஜாவுக்கு அந்த விவரம் தேவையில்லை என்று பவுல் விட்டுவிடுகிறார். மாறாக, பரலோகத்திலிருந்து வந்த சத்தம் எபிரெயு பாஷையில் பேசினது என்ற விவரத்தை இங்கே சேர்க்கிறார். எருசலேமில் அவரே அந்தப் பாஷையில்தான் பேசிக்கொண்டிருந்தார். அங்கே அதைச் சொல்ல வேண்டிய அவசியம் எழவில்லை.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் காரியம் ஒன்று. பவுல் வார்த்தைகளை மனப்பாடமாக வைத்திருக்கவில்லை. பாதையை மனதில் வைத்திருந்தார். பாதை நிலையாயிருந்ததினால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எதிரில் நின்றவர்களைப் பார்த்துத் தீர்மானிக்க அவருக்கு இடமிருந்தது.

நடுவிலிருந்து தொடங்குங்கள்

இந்தச் சட்டகத்தை நாம் கையாளும்போது மூன்று கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம். அன்று எப்படி இருந்தது? நடுவில் என்ன நடந்தது? இன்று என்ன, இனி என்ன? பேசும்போது இந்த வரிசையில்தான் பேச வேண்டும். ஆனால் யோசிக்கும்போது இந்த வரிசையில் யோசிக்கக் கூடாது. இதுதான் பலர் தவறும் இடம்.

போதகர் உங்களை அழைத்துவிட்டார். ஒரு பாடல் முடியும் நேரம் கையில் இருக்கிறது. முதலில் நடுப்பகுதியைத் தேடுங்கள். நீங்கள் கண்ணால் கண்ட ஒரே ஒரு சம்பவம் போதும். அந்தக் குடும்பத்தைக் குறித்து உங்களுக்குப் பத்துச் சம்பவங்கள் தெரிந்திருக்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். அது ஒரு நாள், ஓர் இடம், ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை என்று சுட்டிக்காட்டக்கூடியதாக இருக்கட்டும். “இவர்கள் எப்பொழுதும் அன்பானவர்கள்” என்பது சம்பவம் அல்ல. அது எந்தக் குடும்பத்தைக் குறித்தும் சொல்லத்தக்க பாராட்டு.

இரண்டாவது, கடைசி வாக்கியத்தைத் தீர்மானியுங்கள். எந்த வார்த்தையோடு உட்காரப்போகிறோம் என்று தெரிந்தவன் வழியில் தடுமாறினாலும் வீடு போய்ச் சேருவான். கடைசி வாக்கியம் தெரியாதவனே, “கடைசியாக ஒன்று” என்று மூன்று முறை சொல்லுகிறான்.

மூன்றாவதாகத்தான் முதல் வாக்கியம். அது வாழ்த்துதலுக்குப்பின் நேரடியாகக் காரியத்தைத் தொடும் ஒரு வரியாக இருந்தால் போதும்.

அளவு எவ்வளவு? இப்படிப்பட்ட கூடுகையில் இரண்டு நிமிடம் போதுமானது. நிதானமாகப் பேசினால் அதற்குள் ஏறத்தாழ 15 முதல் 20 சிறிய வாக்கியங்கள் அடங்கும். மூன்று பகுதிகளுக்கும் பிரித்துக்கொண்டால் அது ஏராளம்.

ஒரு வழியனுப்புதல்

மேலே சொன்ன வீட்டுக்கே திரும்புவோம். நீங்கள்தான் எழுந்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடல் நடக்கையில் அந்தக் குடும்பத்தைக் குறித்து உங்கள் மனதில் வந்தவை இவை: அவர்கள் உங்கள் தங்கையின் கலியாணத்திற்குப் பணம் கைமாற்றாகத் தந்தது, உங்கள் மனைவி பிரசவத்திற்குப் போயிருந்தபோது உணவு கொடுத்தனுப்பியது, வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைத் திறந்து வைத்தது, பெருமழையின் இரவில் உங்களைச் சேர்த்துக்கொண்டது. நான்கும் நன்றிக்குரியவையே. ஆனால் கைமாற்று விவரம் பொதுவில் பேசத்தக்கதல்ல. உணவு கொடுத்ததை வீட்டார் மாத்திரம் புரிந்துகொள்வார்கள். மழை இரவோ, அங்கே கூடியிருக்கிற பாதிப் பேருக்குச் சொந்த நினைவு. 2005 ஜூலை 26 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது, ரயில்கள் நின்றன, நகரமே தண்ணீரில் நின்றது. ஆகவே அந்த இரவையே எடுத்துக்கொள்கிறீர்கள். கடைசி வாக்கியத்தில் ‘கதவு’ என்ற சொல் வர வேண்டும் என்று தீர்மானிக்கிறீர்கள். பாடல் முடிகிறது. நீங்கள் எழுந்து சொல்லுகிறீர்கள்:

“பாஸ்டர் ஐயாவுக்கும், அண்ணனுக்கும் அக்காவுக்கும், கூடிவந்திருக்கிற எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் இந்த வீட்டின் கதவைக் குறித்து மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

“2005 ஜூலை 26-ஆம் தேதி மழையை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அப்போது நான் ஊரிலிருந்து வந்து நான்கு மாதந்தான் ஆகியிருந்தது. இந்தச் சபைக்கு இரண்டே முறை வந்திருந்தேன். அண்ணனுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

“அன்று குர்லாவிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தேன். இந்தத் தெருவை அடையும்போது இரவு பதினொரு மணி. என் அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மாடியில் இந்த வீட்டில் மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிந்தது. வந்து கதவைத் தட்டினேன். அக்கா, யார் என்று கேட்கவில்லை. ஒரு துண்டைக் கையில் கொடுத்து, ‘சாப்பிட்டாயா தம்பி?’ என்று கேட்டார்கள். உள்ளே பார்த்தால் எனக்கு முன்பாகவே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நான்கு பேருக்குத் தமிழே தெரியாது.

“இன்று எனக்கும் இந்த ஊரில் ஒரு வீடு இருக்கிறது, ஒரு கதவு இருக்கிறது. யார் தட்டினாலும் அக்கா கேட்ட அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பாஸ்டர் ஐயா சம்மதித்தால், அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கட்டும். அண்ணா, அக்கா, நீங்கள் ஊருக்குப் போனாலும் நீங்கள் திறந்த கதவு இந்தத் தெருவில் அடைபடாது.”

உட்காருகிறீர்கள். அவ்வளவுதான். நேரம் பார்த்தால் இரண்டு நிமிடத்தைத் தாண்டியிராது.

இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். அக்காவை ஒரு முறையும் ‘அன்பானவர்கள்’ என்று நீங்கள் புகழவில்லை. துண்டும் ஒரு கேள்வியும் அதைச் சொல்லிவிட்டன. வசனம் எதையும் விளக்கவில்லை. அது பின்னால் செய்தி கொடுக்கப்போகிறவரின் வேலை. ‘இனி’ என்ற பகுதியில், செய்யக்கூடிய ஒரு காரியத்தை முன்வைத்திருக்கிறீர்கள். அதுவும் போதகரின் சம்மதத்திற்கு உட்படுத்தி. அந்த வீட்டார் போகிற வருத்தத்தோடு, வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றுவிடுமோ என்ற கவலையும் அந்த அறையில் இருந்தது. அதற்கும் ஒரு பதில் கிடைத்தது.

இதே சட்டகத்தை ஒரு நன்றி ஸ்தோத்திரக் கூட்டத்திலும், போதகரின் ஊழிய ஆண்டு நிறைவிலும், திருமண வரவேற்பிலும் பயன்படுத்தலாம். திருமணத்தில் ‘இனி’ என்ற பகுதி மணமக்களுக்கு ஒரே ஒரு வாழ்த்தாக முடியும். அந்தச் சபையில் பக்கத்து வீட்டு மராத்திக்காரரோ கன்னடக்காரரோ உட்கார்ந்திருந்தால், அவர்கள் பாஷையில் ஒரு வாக்கியம் வாழ்த்திவிட்டுத் தமிழில் தொடருங்கள். படிக்கட்டில் நின்ற பவுலும் கேட்கிறவர்களின் பாஷையை அறிந்தே வாயைத் திறந்தார்.

கருத்துக் கேட்கப்படும்போது

சில வேளைகளில் சாட்சியை அல்ல, உங்கள் கருத்தைக் கேட்பார்கள். சபைக் கமிட்டியில், “வாலிபர் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றலாமா? நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்பார்கள். அங்கே அன்று, இன்று என்று கதை சொல்லத் தொடங்கினால் கேட்கிறவர்கள் பொறுமை இழப்பார்கள். அதற்கு வேறொரு சட்டகம் உண்டு: முடிவு, காரணம், ஓர் உதாரணம், மறுபடியும் முடிவு.

“மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். நம் வாலிபரில் பலருக்கு ஷிப்ட் வேலை. ஞாயிறு இரவுப் பணிக்கு மாலையிலேயே கிளம்ப வேண்டும். சென்ற மாதம் ஒரு முறை மாலையில் வைத்தபோது பதினாறு பேரில் ஆறு பேர்தான் வந்தார்கள். ஆகவே ஆராதனை முடிந்தவுடன் வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.” ஐந்து வாக்கியங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டதால், இடையில் யாராவது குறுக்கிட்டாலும் உங்கள் நிலை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காரணத்தை முதலில் அடுக்கி முடிவைக் கடைசிக்கு வைத்தால், முடிவு வருமுன்னே விவாதம் தொடங்கிவிடும்.

துக்க வீட்டில்

துக்க வீட்டிற்கு இந்த இரண்டு சட்டகங்களும் அப்படியே பொருந்தா. நகரத்தில் மரித்தவரின் சரீரத்தைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகக் கீழே வண்டி காத்திருக்கிறது. உறவினர் பாதிப் பேர் இன்னும் வந்து சேரவில்லை. வேறு மார்க்கத்தைச் சேர்ந்த சொந்தக்காரர்களும் நிற்கிறார்கள். அந்த வேளையில் போதகர் உங்களை அழைத்தால், ஒரு நிமிடத்திற்கு மேல் போகாதீர்கள்.

எழுந்திருக்குமுன் மரித்தவரின் பெயரையும், அழுகிறவர் அவருக்கு என்ன உறவு என்பதையும் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பெயர் தவறினால் மற்ற எல்லாம் தவறினதுபோலாகும். பின்பு மூன்று வாக்கியங்கள் போதும். அவரைக் குறித்து நீங்கள் கண்ட ஒன்று; வீட்டாருக்கு நேராக ஒரு வார்த்தை; நீங்களோ சபையோ செய்யப்போகிற ஒரு காரியம். “அப்பா ஞாயிறுதோறும் ஆராதனைக்கு அரைமணி முன்பே வந்து பாய்களை விரித்து வைப்பார். அம்மா, அவரை நாங்களும் இழந்திருக்கிறோம். ஊரிலிருந்து நீங்கள் திரும்பும்வரை பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காரியத்தை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்.” இதற்குமேல் வேண்டாம்.

ஏன் நடந்தது என்று விளக்க முயலாதிருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் மவுனமாக உட்கார்ந்திருந்தார்கள். அது வரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து, அவனுடைய துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் அவனைப் புண்படுத்தினார்கள். புஸ்தகத்தின் முடிவில் கர்த்தர் அவர்களைக் கடிந்துகொள்ளுகிறார். “இதிலும் தேவனுக்கு ஒரு நோக்கம் உண்டு” என்பது பின்னொரு நாளில் அந்தத் தாயே சொல்லக்கூடிய சாட்சியாக இருக்கலாம். அதை அன்று அவளுக்கு நாம் சொல்லுவது நியாயமல்ல.

எங்கே வழி தவறுகிறோம்?

பேச்சு வழி தவறுவதை உள்ளிருந்தே கண்டுகொள்ளலாம். முதல் அடையாளம், மன்னிப்போடு தொடங்குவது. “நான் பெரிய பேச்சாளன் அல்ல, திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள், ஏதாவது தவறிருந்தால் மன்னியுங்கள்” என்று சொல்லும்போதே அரை நிமிடம் போய்விடுகிறது. கேட்கிறவர்கள் அதுவரை கவனிக்காத குறையை நாமே காட்டிக்கொடுக்கிறோம்.

இரண்டாவது அடையாளம், வாக்கியத்திற்கு வாக்கியம் “ஸ்தோத்திரம்”, “அல்லேலூயா” என்பது. துதி உள்ளத்திலிருந்து எழும்பும்போது அது துதி. அடுத்த வார்த்தை கிடைக்காதபோது இடத்தை நிரப்பச் சொன்னால், கர்த்தருடைய நாமத்தை நாம் இளைப்பாறும் இடமாக்கிவிடுகிறோம். வார்த்தை வராதபோது வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விடுங்கள். உங்களுக்கு நீண்ட மவுனமாகத் தோன்றுவது கேட்கிறவர்களுக்கு ஒரு கணமாகவே தெரியும்.

மூன்றாவது, பிறருடைய இரகசியம். சாட்சியின் உற்சாகத்தில் ஒரு சகோதரியின் வியாதியையும், ஒரு வாலிபனின் பழைய குடியையும், ஒரு குடும்பத்தின் கடனையும் சபை நடுவே அவிழ்த்துவிடுகிறோம். சம்பந்தப்பட்டவர் முன்பே தாமே பொதுவில் சொன்னதை மாத்திரம் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடப் பேச்சில் விடப்பட்டதற்காக ஒருவரும் வருந்தியதில்லை. சொல்லப்பட்டதற்காகச் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு.

நீங்கள் நீட்டிவிட்டீர்கள் என்பதை வெளியிலிருந்தும் அறியலாம். கீபோர்டு வாசிக்கிற தம்பி மெதுவாகச் சுரம் பிடிக்கத் தொடங்கினால், போதகர் வேதாகமத்தைத் திறந்து மடியில் வைத்தால், முன்வரிசைத் தாய்மார் பிள்ளைகளை மடி மாற்றினால், உங்கள் நேரம் முடிந்துவிட்டது. அப்போது புதிதாக எதையும் தொடங்காமல், முன்பே தீர்மானித்துவைத்த கடைசி வாக்கியத்திற்கு நேராகப் போய்விடுங்கள். அதற்காகத்தான் அதை முதலிலேயே தெரிந்துகொண்டோம்.

வீட்டில் ஒரு பழக்கம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சாந்தா ஆனா என்ற ஊரில், 1924-ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிச் சங்கத்தின் முதல் கூட்டத்தை நடத்தினார். இன்று நம் நகரங்களிலும் பல அலுவலகங்களில் அதன் சங்கங்கள் உண்டு. அங்கே ‘டேபிள் டாபிக்ஸ்’ என்று ஒரு பயிற்சி நடக்கும். எழுந்து நின்றபின்தான் தலைப்புச் சொல்லுவார்கள். ஒன்று முதல் இரண்டு நிமிடத்திற்குள் பேசி முடிக்க வேண்டும். போட்டிகளில் ஒரு நிமிடத்திற்குக் குறைந்தாலும், இரண்டரை நிமிடத்தைத் தாண்டினாலும் தகுதி இழக்க நேரிடும். மிகக் குறுகப் பேசுவதையும் அவர்கள் குறைவாகவே எண்ணுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதைக் குடும்ப ஜெபத்திற்குப்பின் வீட்டிலேயே செய்யலாம். துண்டுச் சீட்டுகளில் சில பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள்: ‘ஞாயிறு பள்ளி ஆசிரியை’, ‘எதிர் வீட்டுத் தாத்தா’, ‘ஊரிலிருக்கும் சித்தி’. ஒருவர் ஒரு சீட்டை எடுத்து, ஒரு பாடலின் பல்லவியை மற்றவர்கள் பாடி முடிக்கும்வரை யோசித்து, எழுந்து இரண்டு நிமிடம் பேசட்டும். கேட்டவர்கள் இரண்டு காரியங்களை மட்டும் சொல்லட்டும்: எந்தச் சம்பவம் மனதில் நின்றது? கடைசி வாக்கியம் எது? கேட்டவர்களால் கடைசி வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியவில்லையென்றால், அந்தப் பேச்சு நின்றது, முடியவில்லை. இங்கே பிறந்து தமிழ் எழுத்தறியாமல் வளரும் நம் பிள்ளைகளுக்கு, தமிழில் எழுந்து நின்று பேசும் தைரியமும் இதனால் வரும்.

தனியே பழக விரும்புகிறவர்களுக்கு ஸ்லோ லோக்கலில் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையேயுள்ள நேரமே போதும். வண்டி கிளம்பும்போது மனதிற்குள் ஒருவருக்கு நன்றி சொல்லத் தொடங்குங்கள்; அடுத்த பிளாட்பாரம் வருமுன் முடித்துவிடுங்கள்.

அன்பானவர்களே, நம் நடுவிலிருந்து ஒவ்வொரு வருஷமும் குடும்பங்கள் ஊருக்குத் திரும்புகின்றன. மூப்பர்கள் ஓய்வு பெறுகிறார்கள். சிலர் கர்த்தருக்குள் நித்திரையடைகிறார்கள். அவர்கள் நமக்குச் செய்ததை அவர்கள் காது கேட்கச் சொல்ல நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடந்தான். அடுத்த முறை போதகர் உங்களைப் பார்க்கும்போது பக்கத்திலிருப்பவரைக் காட்டாதிருங்கள். பாடல் முடியட்டும். ஒரு சம்பவம், ஒரு கடைசி வாக்கியம், பின்பு எழுந்திருங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் வாயின் வார்த்தைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.